பப்பாசி இலைச் சாறும் டெங்குவும்: அந்த இங்கிலீஷ் ஃபோர்வேர்ட் பற்றி என்னிடம் கேட்டவையும் நான் சொன்னவையும்

“தம்பி, குடும்பக் குறூப்பில் இங்கிலீஷில் ஒன்று வந்திருக்கு. பப்பாசி இலையை இடித்துச் சாறு குடித்தால் இரண்டு நாளில் பிளேட்லெட் ஏறுமாம், ஆஸ்பத்திரியே தேவையில்லையாம். உண்மையா?”

முன்பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். பின்பாதி ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

நான் மட்டக்களப்புப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிப்பவன். டொக்டர் இல்லை. ஆனால் ஒக்டோபரில் மழை தொடங்கினால் தை மாதம் வரைக்கும் என் மேசைக்கு வரும் குழாய்களில் பெரும்பங்கு காய்ச்சல்காரரின் இரத்தம்தான். அந்த மழையோடு சேர்ந்து இந்த ஃபோர்வேர்டும் வருடா வருடம் வருகிறது. திகதி இருக்காது, ஊர் இருக்காது. “என் நண்பரின் மகன்” என்று ஒருவர் வருவார், இத்தனை ஆயிரத்திலிருந்து இத்தனை ஆயிரமாக ஏறியது என்று இரண்டு எண்கள் வரும், கடைசியில் எல்லோருக்கும் அனுப்புங்கள் என்ற கெஞ்சல். திகதி இல்லாததால் அது பழசாகிப்போவதே இல்லை.

அந்த இரண்டு எண்களில்தான் முழு ஏமாற்றும் இருக்கிறது. எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை சரியாகவே இருக்கலாம். அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை.

“ஆனால் சாறு குடித்த ஆளுக்கு உண்மையிலேயே ஏறினதே. என் மச்சானின் ரிப்போர்ட்டை நானே பார்த்தேன்.”

குடிக்காத ஆளுக்கும் ஏறும். டெங்குவில் பிளேட்லெட் விழுந்து, ஒரு நாளோ இரண்டு நாளோ அடியில் கிடந்து, பிறகு தானாகவே மேலே வரும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆள் என் கற்பனை, ஆனால் எண்கள் ஓடும் விதம் நாங்கள் மழைக்காலத்தில் தினமும் பார்ப்பதுதான்.

செங்கலடியில் ஒரு 22 வயதுப் பெடியன், எடை 50 கிலோ. திங்கட்கிழமை காலையில் காய்ச்சல் தொடங்குகிறது. புதன்கிழமை, அதாவது மூன்றாம் நாள், முதல் இரத்தப் பரிசோதனை: பிளேட்லெட் எண்ணான PLT 142,000, இரத்தத்தின் தடிப்பைக் காட்டும் PCV 38. வியாழன் PLT 96,000, PCV 40. டொக்டர் வார்டில் சேர்க்கச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் PLT 41,000, PCV 46. சனிக்கிழமை சேலைன் ஏறிக்கொண்டிருக்கிறது, PLT 24,000, PCV 43. வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு பதறுகிறது. அன்று பின்னேரம் மாமி ஒரு போத்தலில் பப்பாசி இலைச் சாறு கொண்டுவருகிறார். ஞாயிறு PLT 31,000, PCV 39. திங்கள் 68,000. செவ்வாய் 130,000.

மாமி இதை எப்படிச் சொல்லுவார்? “இருபத்திநாலாயிரத்தில் கிடந்த பிள்ளை, சாறு கொடுத்து மூன்றே நாளில் ஒரு இலட்சத்து முப்பதாயிரம்.” ஒரு எழுத்தும் பொய் இல்லை. ஆனால் சாறு எந்த நாளில் உள்ளே போனது என்று பாருங்கள். எண் அடிமட்டத்துக்கு வந்த அன்று. ஆட்கள் அதிகம் பயப்படும் நாளும் எண் திரும்பும் நாளும் அநேகமாக ஒன்றுதான். அன்றைக்கு வேப்பிலைச் சாறு கொடுத்திருந்தாலும், கோயிலில் நேர்த்தி வைத்திருந்தாலும், ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் செவ்வாய்க்கிழமை எண் ஏறித்தான் இருக்கும். அதே சாறைப் புதன்கிழமை தொடங்கியிருந்தால் கதை தலைகீழ்: “சாறு குடிக்கக் குடிக்க இறங்கியது.” அந்தக் கதையை ஒருவரும் ஃபோர்வேர்ட் பண்ணுவதில்லை.

வேலை செய்யும் இடத்திலிருந்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரத்தம் எடுத்தவுடன் குழாயைச் சரியாகக் கலக்காவிட்டால் பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் அந்தக் கட்டிகளைப் பிளேட்லெட்டாக எண்ணாது, எண் பொய்யாகக் குறைந்து வரும். அடுத்த முறை நல்ல இரத்தம் வந்தால் எண் துள்ளி ஏறும். காலையில் ஓர் ஆய்வுகூடம், பின்னேரம் வேறோர் ஆய்வுகூடம் என்று போனாலும் வித்தியாசம் வரும். கண்ணாடித் துண்டில் பூசி மைக்குரோஸ்கோப்பில் பார்த்தால்தான் எது உண்மை என்று தெரியும். அப்படி ஒரு பிழை திருந்தியதற்கும் எத்தனையோ தடவை இலைக்குப் பெயர் கிடைத்திருக்கும்.

“பிளேட்லெட் குறைந்துதானே டெங்குவில் ஆட்கள் சாகிறார்கள்?”

இப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஃபோர்வேர்ட் எழுதியவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

டெங்குவில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நீர்க்கசிவு. மிகச் சிறிய இரத்தக் குழாய்களின் சுவர் சில நேரம் தளர்ந்துவிடும். இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். உடம்பை விட்டு ஒரு சொட்டும் வெளியே போயிராது, ஆனால் குழாய்க்குள் ஓட இரத்தம் போதாது. நாடி மெலிந்துபோகும், கைகால் குளிரும், சிறுநீர் குறையும், அப்புறம் அதிர்ச்சி நிலை. பெரிய இரத்தப்போக்கு வருவதும் பலருக்கு இந்த அதிர்ச்சி நிலை நீண்டு போன பிறகுதான்.

எல்லோருக்கும் இப்படிக் கசிவதில்லை. கசிகிறவர்களுக்கு அது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடித்து, பிறகு தானாக நிற்கும். அந்த இரண்டு நாளும் எவ்வளவு தண்ணீர், எந்த வேகத்தில் என்று அளந்து கொடுத்து ஆளைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். வைரசைக் கொல்ல மருந்து இல்லை.

செங்கலடிப் பெடியனின் எண்களைத் திரும்பப் பாருங்கள். கசிவு கடுமையாக இருந்தது வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை PCV தன் பழைய இடத்துக்கு இறங்கி, நாடியும் சிறுநீரும் நன்றாகிவிட்டன, கண்டம் தாண்டியாயிற்று. அந்த நேரத்தில் PLT வெறும் 31,000. ஆபத்து போனது முதலில், பிளேட்லெட் ஏறியது அதற்குப் பிறகு.

இதற்கு இன்னும் நேரான சாட்சி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிளேட்லெட் 20,000 அல்லது அதற்குக் கீழே விழுந்த, ஆனால் பெரிதாக இரத்தம் போகாத டெங்கு நோயாளிகள் 372 பேரை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்குப் பிளேட்லெட்டையே நேரடியாக ஏற்றினார்கள், மற்றப் பங்குக்கு ஏற்றவில்லை. 2017இல் முடிவு வந்தது. ஏற்றியவர்களுக்கு இரத்தப்போக்கு குறையவில்லை. ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. அசல் பிளேட்லெட்டைப் பையோடு ஏற்றியே கிடைக்காத பலன் இலைச் சாறில் எப்படிக் கிடைக்கும்?

“அப்ப ரிப்போர்ட்டில் எதைத்தான் பார்க்கிறது?”

நீங்களாகப் பார்த்து முடிவு எடுக்க வேண்டாம். ஆனால் ரிப்போர்ட்டை வாங்கியவுடன் கண் PLT வரிக்கு மட்டும் ஓடுகிறதே, அதை மாற்றலாம். பக்கத்தில் PCV அல்லது HCT என்று ஒரு வரி இருக்கும். நூறு பங்கு இரத்தத்தில் செங்குழியங்கள் எத்தனை பங்கு என்பது அது. நீர் கசிந்து போனால் மிச்சம் இருப்பது தடிக்கும், இந்த எண் ஏறும். குழம்பு வற்றினால் கறித்துண்டுகள் கூடினமாதிரித் தெரியுமே, அப்படித்தான். பெடியனுக்கு 38 இலிருந்து 46க்கு ஏறியது. எட்டுத்தான் வித்தியாசம், ஆனால் 38இல் எட்டு என்றால் 21 சதவீதம். 20 சதவீதம் ஏறினாலே கசிவு நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். அதனால்தான் மூன்றாம் நாள் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம் என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். இரத்தச்சோகை உள்ள ஒரு பெண்ணுக்கு வழமையாக 30தான் என்றால், அவருக்கு 37 என்பது கசிவு. ஆனால் ரிப்போர்ட்டில் 37 ஒரு குறையும் இல்லாத எண்ணாகத்தான் தெரியும். உடம்புக்குள்ளேயே இரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தால் PCV ஏறாது, இறங்கும். வீட்டுக்காரர் “நல்லா வந்திட்டு” என்று நினைப்பார்கள், டொக்டர் ஓடுவார். ஆகவே எண் மட்டும் போதாது; நாடி, அமுக்கம், சிறுநீர், வயிற்று வலி எல்லாம் ஒன்றாகப் பார்க்க வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் செய்ய முடியாது.

பிளேட்லெட்டே தேவையில்லையா என்றால், தேவை. எச்சரிக்கை மணியாக. வேகமாக இறங்குகிறது என்றால் கசிவு வரும் நேரம் நெருங்குகிறது என்று அர்த்தம். 100,000க்குக் கீழே போனால் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் அதற்குத்தான். மணி அடிக்கும்போது மணியின் நாக்கைக் கட்டிவிடுவதுபோல இருக்கிறது இந்த ஃபோர்வேர்டின் யோசனை.

“ஆராய்ச்சியே இருக்கு என்று லிங்கும் போட்டிருக்கிறார்களே?”

இருக்கிறது. மறுக்க மாட்டேன். 2013இல் மலேசியாவில் 228 நோயாளிகளை வைத்துச் செய்த ஒன்று பெயர் பெற்றது. பாதிப் பேருக்கு மூன்று நாள் சாறு, மற்றவர்களுக்குச் சாதாரண சிகிச்சை மட்டும். சாறு குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் கூடிய வேகத்தில் ஏறியதாக எழுதினார்கள். எங்கள் நாட்டு டொக்டர்மாரும் சிறிய அளவில் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த 228 பேரும் எங்கே இருந்தார்கள்? ஆஸ்பத்திரியில். சாறு குடித்தவர்களுக்கும் வழமையான கவனிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. யார் குடிக்கிறார், யார் குடிக்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அளந்தது பிளேட்லெட்டின் வேகத்தை. கசிவு குறைந்ததா, அதிர்ச்சி நிலை குறைந்ததா, உயிர் தப்பியவர் கூடினார்களா என்பதற்கு அதில் பதில் இல்லை. “ஆஸ்பத்திரியில் இருந்தபடி குடித்தார்கள்” என்பது எத்தனையோ கை மாறி “ஆஸ்பத்திரி தேவையில்லை” ஆகிவிட்டது. லிங்கைப் போட்டவர் அதைத் திறந்து படித்திருந்தால் அந்த வசனத்தை எழுதியிருக்க மாட்டார்.

“இயற்கைச் சாமான்தானே. குடித்தால் என்ன கெட்டுப்போகும்?”

முதலாவது, கசப்பு. இடித்துப் பிழிந்த பப்பாசி இலைச் சாறைக் குடித்துப் பார்த்தவருக்குத் தெரியும். ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருக்கும் டெங்குக்காரர் அதைக் குடித்தால் வாந்தி எடுப்பார். போக வேண்டிய தண்ணீரும் சேர்ந்து வெளியே போகும். அதோடு, அடங்காத வாந்தி டெங்குவில் ஓர் ஆபத்து அறிகுறி. இப்போது எடுத்த வாந்தி நோயாலா சாறாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஃபோர்வேர்டின் அடியில் கூடவே வரும் மாதுளம்பழச் சாறும் பீற்றூட் சாறும். இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கையில் கொடுக்கிறார்கள். சிவப்போ கபிலமோ ஆன எந்தப் பானமும் டெங்குக்காரருக்கு வேண்டாம். வாந்தியில் அந்த நிறம் வந்தால் இரத்தமா சாறா என்று தெரியாமல் வார்டே தடுமாறும். நெஸ்கஃபே, மைலோ, கோலாவும் இதே கணக்கில்தான்.

மூன்றாவதுதான் பெரிது: இழக்கும் நேரம். “இன்றைக்குச் சாறு கொடுத்துப் பார்ப்போம், நாளைக்கு ஏறாவிட்டால் போவோம்” என்று ஒரு குடும்பம் சொல்லும் அந்த ஒரு நாள், கசிவின் இரண்டு நாளில் ஒரு நாள்.

“நேற்று இரவோடு காய்ச்சல் விட்டுவிட்டது. இனிப் பயமில்லைதானே?”

இன்றும் நாளையும்தான் பயப்பட வேண்டிய நாட்கள். டெங்குவில் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்கும், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். காய்ச்சல் விட்டபிறகு ஆள் எழும்பிச் சாப்பாடு கேட்டால் நல்லது. காய்ச்சல் விட்டும் சோர்ந்து கிடக்கிறார், வயிறு நோகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, எழும்பினால் தலை சுற்றுகிறது, கைகால் குளிர்ந்திருக்கிறது, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை, முரசில் இரத்தம் என்று எதையாவது கண்டால் விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம். ஓட்டோ பிடியுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, சீனி வருத்தக்காரர் என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் முதலிலேயே காட்டுங்கள்.

“அப்ப வீட்டில் என்னதான் கொடுக்கிறது?”

முதல் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாம் என்று டொக்டர் சொன்னால், பெரியவருக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றர் அளவில் நீராகாரம். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒரு கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றாமல் ஜீவனி, செவ்விளநீர், அரிசிக் கஞ்சி, தோடம்பழச் சாறு, சூப் என்று மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு போத்தலை அளவாக வைத்துக்கொண்டால் குடித்தது எவ்வளவு என்று தெரியும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. பிள்ளைகளுக்கு எடைப்படி டொக்டர் சொல்லும் அளவு. அதைக் கொடுத்தும் டெங்குக் காய்ச்சல் முழுதாக இறங்காது. இறங்கவில்லையே என்று கூட்டிக் கொடுத்தால் ஈரல் கெடும், நனைத்த துணியால் துடைத்து விடுங்கள். டைக்ளோபெனாக், ஐபுபுறோபன், மெபெனாமிக் அமிலம், அஸ்பிரின், பின்பக்கம் வைக்கும் டைக்ளோபெனாக் மருந்து ஒன்றுமே வேண்டாம். “சட்டென்று காய்ச்சல் விட ஏதாவது தாங்க” என்று பாமசியில் கேட்டு இவற்றை வாங்கிப் போடுவது பப்பாசி இலையைவிடப் பத்து மடங்கு மோசம்.

“முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் பூசினால் டெங்கு நுளம்பு கடிக்காது என்று இன்னொன்றும் வந்தது. அது?”

அந்த நுளம்பு முழங்காலுக்கு மேலே பறக்காது என்பதுதான் அதன் ஆதாரம். மாடி வீட்டிலும் கடி வாங்குகிறார்கள். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

“சரி, இதை அனுப்பியது எங்கட பெரிய மாமா. அவருக்கு மனம் நோகாமல் குறூப்பில் என்ன பதில் போடுவது?”

நீட்டி எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். “பொய்ச் செய்தி” என்று மட்டும் போட்டால் மாமா கோபித்துக்கொண்டு குறூப்பை விட்டுப் போவார், ஆனால் நம்பிக்கையை விட மாட்டார். நான் எங்கள் குறூப்பில் போட்டது இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

“மாமா, எங்களுக்காக யோசித்து அனுப்பியிருக்கிறீங்கள். ஆனால் டெங்குவில் பிளேட்லெட் தானாகவே ஒரு கிழமைக்குள் விழுந்து எழும்பும், சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும். ஆபத்து இரத்தத்தின் நீர் கசிவதில்தான் இருக்கு, அதை இலை நிறுத்தியதாக எந்த ஆராய்ச்சியும் காட்டவில்லை. காய்ச்சல் மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்க வேண்டும், காய்ச்சல் விட்ட பிறகுதான் கூடக் கவனம். பனடோல் தவிர வேறு காய்ச்சல் குளிசை வேண்டாம். ஆஸ்பத்திரி தேவையில்லை என்ற அந்த வரியை மட்டுமாவது அழித்துவிடுங்கோ.”

இதைத் தமிழில் போட்டதும் ஒரு காரணத்தோடுதான். இங்கிலீஷில் வந்தது என்பதாலேயே அரைவாசிப் பேர் அதை டொக்டர் எழுதியது என்று நினைத்திருந்தார்கள். முழுதாக வாசித்தவர் இரண்டு பேர் கூட இல்லை. எண்களை மட்டும் பார்த்தார்கள், நம்பினார்கள்.

“அம்மம்மா ஏற்கெனவே இரண்டு தரம் சாறு கொடுத்துவிட்டா. வார்டில் சொன்னால் ஏசுவார்களோ என்று பயமாக இருக்கு.”

ஏசினால் ஏசட்டும், சொல்லிவிடுங்கள். கசிவு நடக்கும் நேரத்தில் குறைவாக நீர் போனாலும் ஆபத்து, கூடப் போனாலும் ஆபத்து. கூடினது நெஞ்சுக்குள் கசிந்து மூச்சு முட்டும். 50 கிலோ ஆளுக்கு அந்த 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 4,600 மில்லிலீற்றர் என்று ஒரு கணக்கு வைத்து, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறார்கள். சேலைனும் அந்தக் கணக்கில்தான், வாயால் குடிப்பதும் அந்தக் கணக்கில்தான். கட்டில் தலைமாட்டில் தொங்கும் தாளில் நேர்ஸ் எழுதுவது அதைத்தான். அம்மம்மா போர்வைக்குள் மறைத்துக் கொடுத்த கிளாஸ் அந்தத் தாளில் இல்லை. எத்தனை மணிக்கு, எத்தனை கிளாஸ், வாந்தி எடுத்தாரா இல்லையா என்று சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.